மூட்டைக்குப் பதிலாகக் காசு

காலை எட்டு இருபதுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அரிசி விலை ஏறத் தொடங்கியது. சந்தை வாசலில் ஒரு தையல்கடை இருந்தது. அதன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். முதல் கடையில் பச்சையரிசிக்கு ஒரு விலை சொன்னார்கள். இன்னும் இரண்டு கடை பார்ப்போமென்று நகர்ந்தேன். திரும்பி வரும்போது அதே வியாபாரி வேறு விலை சொன்னார்.

"இப்பதானே அண்ணை குறைச்சுச் சொன்னனீங்கள்?"

"அப்ப நீங்கள் ஒரு ஆள்தான் வந்தனீங்கள், அக்கா. பின்னாலை பாருங்கோ."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் அகதி முகாம் முழுவதும் வந்துகொண்டிருந்தது. எல்லார் கையிலும் வெறும் உரப்பை. எல்லாருக்கும் அன்று காலைதான் காசு கிடைத்திருந்தது.

"இண்டைக்கு வருவியளெண்டு தெரியும்," என்றார் அவர். "உங்கடை பட்டியல் நேற்றே சங்கக்கடைச் சுவரிலை ஒட்டிக் கிடந்தது. நாங்களும் வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள்தான்."

யாருக்கு எவ்வளவு காசு என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொன்னது நான். ஒருவருடைய காசை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது, எல்லாம் வெளிச்சமாக நடக்க வேண்டும் என்று அதிகாரியிடம் வாதாடி வாங்கிய ஏற்பாடு அது. காசு தரும்படி மனு எழுதியதும் நான்தான்.

நாங்கள் சண்டையால் தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டத்தையும் வீட்டையும் விட்டு வந்து இரண்டாவது வருசம். ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையைச் சேலையால் நான்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கில் என் கணவர், நான், பதினொரு வயது மகள் மூவரும் இருந்தோம். ஊரில் அவர் வெங்காயத் தோட்டம் செய்தார். நான் வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்தேன். அதனால் முகாமிலும் எனக்கு ரீச்சர் என்றே பெயர். எழுத வேண்டியதெல்லாம் என்னிடம் வரும்.

நிவாரணமாகக் கூட்டுறவுச் சங்கக்கடையில் கோதுமை மாவு, கொஞ்சம் அரிசி, பருப்பு, சீனி தருவார்கள். சாமான் கொண்டுவரும் கப்பல் பிந்தினால் அரிசி குறையும், மாவு கூடும். துவைக்கச் சவர்க்காரத்துக்கும் விளக்குக்கு மண்ணெண்ணெய்க்கும் வேறு வழியில்லாததால் எல்லோரும் மாவில் ஒரு பகுதியைச் சந்தையில் விற்போம். அவசரத்துக்கு விற்கிறவர்கள் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். பாதி விலைதான் கிடைக்கும்.

அந்த நேரத்தில் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபோயிட் வந்தது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆஸ்பத்திரியில் இருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். "குடல் புண்ணாக் கிடக்கு. ரொட்டி, புட்டு ஒண்டும் குடுக்காதேங்கோ. குழையக் காய்ச்சின சோறு, கஞ்சி, பால். ஒரு மாசத்துக்குக் கவனமா இருக்க வேணும்," என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். எங்களிடம் இருந்ததோ ஒரு மூட்டை மாவு. பாதி விலைக்கு அதை விற்று முழு விலைக்கு அரிசி வாங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மாவுக்குரிய காசைக் கையில் தந்தால் என்ன என்று நினைத்தேன். தேவை வீட்டுக்கு வீடு வேறு. எல்லாருக்கும் ஏன் ஒரே மூட்டை?

கப்பல் மறுபடி பிந்தியபோது, விரும்பிய முகாம்கள் எழுதிக் கேட்டால் மூன்று மாதத்துக்குப் பொருளுக்குப் பதிலாகக் காசு தரலாம் என்று நிவாரணப் பணிமனையில் சொன்னார்கள். அன்று மாலையே கூட்டம் போட்டோம். குருநகரில் இருந்து வந்த, நாலு பிள்ளைகளின் தாய் ஒருத்தி எங்கள் சேலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவள் மட்டும் எழும்பி எதிர்த்தாள்.

"ரீச்சர், நிவாரண அட்டை எங்கடை மனிசன்ரை பேரிலை. காசெண்டால் அந்தாள் கையிலைதான் குடுப்பினம். மூட்டை மாவை அந்தாள் குடிக்கேலாது. காசைக் குடிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிராம அலுவலரான விதானையார் வயதானவர். அவர் ஒன்று மட்டும் சொன்னார். "சங்கக்கடை விலைக்குத்தான் கணக்குப் பார்த்துத் தருவினம், பிள்ளை. சந்தை விலைக்கில்லை." கொஞ்சம் குறைந்தாலும் தேவையானதை வாங்கலாம் என்று பதில் சொன்னேன். ஆளுக்காள் பிரிந்து கேட்டால் குழப்பம் வரும் என்று முழு முகாமுக்கும் ஒரே மனுவாக எழுதினேன். அதைப் பார்த்து இன்னும் இரண்டு முகாம்கள் அப்படியே எழுதிக் கொடுத்தன.

அந்த மனுவை எழுதும்போது என் மனதில் இருந்தது ஒரு பிள்ளையின் கஞ்சிதான். இதை நான் அப்போது யாருக்கும் சொல்லவில்லை.

அன்று காலை சந்தையில் நின்றபோதுதான் மிச்சம் விளங்கியது. மாவாவது வாங்குவோம் என்று குருநகர்க்காரி கடை கடையாகக் கேட்டாள். மாவே இல்லை. அந்தச் சந்தையில் முன்பு இருந்ததெல்லாம் நாங்கள் விற்ற மாவுதான். எங்களுக்கு மூட்டை வேண்டாமென்று எழுதியதால் எங்கள் பங்கு சங்கக்கடைக்கு இறங்கவில்லை. எங்கள் கையிலிருந்து சந்தைக்குப் போகவும் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து சாமான் வரும் பாதைகளும் அடைத்துக் கிடந்தன. இருந்த கொஞ்ச அரிசியைச் சுற்றி மூன்று முகாம்களின் காசு நின்றது.

"ரீச்சர், உங்கடை மனு வாசிக்க நல்லாத்தான் இருந்தது," என்றாள் அவள். "அவிச்சுத் தின்னத்தான் ஏலாமக் கிடக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. நின்று பேசினால் விலை இன்னும் ஏறிவிடும் என்ற பயம்தான் இருந்தது. சொன்ன விலைக்கு வாங்கினேன். ஒரு மாதத்துக்கென்று நினைத்த காசுக்கு இரண்டு கிழமைக்கும் போதாத அரிசி. பால்மாவைக் கேட்கவே இல்லை.

முகாமுக்கு வந்தால், கணவர் தன்னிடம் வைத்திருந்த பங்குக்கு விதைவெங்காயம் வாங்கி வந்திருந்தார். யாரோ கோண்டாவில் பக்கம் ஒரு துண்டுக் காணி தருவதாகச் சொன்னார்களாம்.

"நட்டால் இரண்டு மாசத்திலை கிண்டி எடுக்கலாம். எத்தினை நாளைக்குத்தான் கை நீட்டுறது?"

"இரண்டு மாசத்துக்குப் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. மாவு மூட்டை வந்தபோது அதை வைத்து யாரும் தோட்டம் யோசிக்கவில்லை. மூலையில் இருக்கும், நான் அளந்து எடுப்பேன், அவ்வளவுதான். காசு வந்ததும் ஆளுக்கொரு யோசனை வந்தது. எனக்கு வந்தது போலவே.

முதல் கிழமை மகளுக்கு மட்டும் அரிசி, எங்களுக்கு மரவள்ளி. இரண்டாவது கிழமை கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினேன். அவள் கோப்பையை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ அம்மா?" என்று கேட்பாள். சேலைக்கு அந்தப் பக்கம் நாலு பிள்ளைகளும் மரவள்ளிக்குச் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்கும். ஒரு நாள் குருநகர்க்காரி எங்கேயோ கிடைத்த மாவில் சுட்டு, பாதி ரொட்டியை என் மகளுக்கென்று நீட்டினாள். வாங்கவும் பயம், வேண்டாமென்று சொல்லவும் பயம். வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து, வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊட்டினேன். அன்று பின்னேரமெல்லாம் அவள் வயிற்றில் கையை வைத்தபடி இருந்தேன். நோகிறதா என்று கேட்டுக் கேட்டு அவளை அழவைத்துவிட்டேன்.

பதினேழாம் நாள் கடைசி அரிசியையும் போட்டுக் காய்ச்சினேன். அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது விதானையார் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். பாயில் கிடந்த மகளைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"பருத்தித்துறைக்குக் கப்பல் வந்திட்டுது, பிள்ளை. அரிசியும் மாவும் இறக்குறாங்கள். சந்தையிலையும் இனி விலை இறங்கும்."

"எங்களுக்கு எப்ப தருவினம் ஐயா?"

"உங்களுக்கு இல்லை. உங்கடை முகாம் காசுப் பட்டியலிலை. அடுத்த மாசக் காசு வருமட்டும் பொறுக்க வேணும். நானும் போய்க் கேட்டுப் பார்த்தன். மனுவை எடுத்துக் காட்டினாங்கள். மூண்டு மாசமெண்டு நீர்தானே எழுதினீர்."