எல்லாருக்கும் மூன்று

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றின் லாண்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்ப்பவளுக்கு அது ஒரு தகுதி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு பெரிய அறை, ஓயாமல் இரையும் இயந்திரங்கள், ஏழெட்டுத் தமிழர்கள். கத்தாமல் அங்கே எதுவும் நடக்காது. ஆனால் அந்த வருடம் வந்த அப்ரைசல் ஃபாரத்தை மட்டும் கத்திப் புரியவைக்க முடியவில்லை.

அதுவரை அப்ரைசல் என்றால் ரொம்பச் சுலபம். நான் மதிப்பெண் போடுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். புது ஃபாரத்தில் அப்படி இல்லை. முதலில் ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும், அதற்கு உதாரணம் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் நான் போட வேண்டும். பிறகு உட்கார்ந்து பேசி, இரண்டும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு மதிப்பெண்ணுக்கு வர வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால், தமிழில் விளக்கிச் சொல்லும்படி ஹெச்.ஆர். மேனேஜர் என்னிடம் சொன்னார். அவர் சீனப் பெண்மணி, நல்ல மனுஷி, ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டார்.

நான் ராத்திரி உட்கார்ந்து நல்ல தமிழில் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போனேன். கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து, 'எதிர்பார்ப்புகளை நிறைவு செய்கிறார்' என்று வாசித்தேன். இஸ்திரிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், எங்களில் மூத்தவர், கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா. யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு, தெருமுனை ரொட்டிக் கடையை உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க ரொட்டி சானாய் கேக்குறீங்க. ரொட்டி வருது, சூடா வருது, பருப்புக் குழம்போட வருது. எத்தன மார்க்?"

"மூணு போடலாம்லா," என்றார் தயக்கமாக. "ஆனா மூணுன்னா அம்பது, அறுபது மார்க்குதானே? ஸ்கூல்ல அந்த மார்க் வாங்கிட்டு வீட்டுக்குப் போனா எங்கப்பா பெல்ட்டை எடுப்பாரு."

இதுதான் முதல் முடிச்சு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு மூன்று என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ். ஃபாரத்திலோ மூன்று என்றால், கேட்ட வேலையைக் கேட்டபடி குறையில்லாமல் முடித்தவர். அது நல்ல மதிப்பெண். நான்கு என்றால், குழம்பு தீர்வதற்கு முன்னாலேயே பார்த்துக் கொண்டுவந்து ஊற்றுகிற ஆள், அதுவும் தினமும். ஒரு நாள் ஊற்றினால் நான்கு ஆகாது. ஐந்து என்றால், அந்த ஆளால் கடையே மாறியிருக்க வேண்டும். இரண்டு என்றால் ரொட்டி தாமதம், சில நாள் வேறு மேசைக்குப் போய்விட்டது. ஒன்று என்றால் ரொட்டியே வரவில்லை.

அதற்கப்புறம் அரைமணி நேரம் கேன்டீனில் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஒருத்தி தன் புருஷனுக்கு இரண்டு போட்டாள், மாமியாருக்கு நான்கு போட்டாள். பஸ் டிரைவர்கள் மொத்தப் பேருக்கும் ஒன்று விழுந்தது. எனக்கு எத்தனை என்று கேட்டேன். எல்லாருக்கும் திடீரென்று தேநீர் குடிக்கிற வேலை வந்துவிட்டது. கோபம் வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது முடிச்சு, 'முன்னேற வேண்டிய இடங்கள்' என்ற கட்டம். அதைப் பார்த்ததுமே அண்ணனின் முகம் மாறிவிட்டது. வேலையில் குறை என்று ஒன்று எழுத்தில் ஏறிவிட்டால், அடுத்து எச்சரிக்கைக் கடிதம், அதற்கடுத்து வீடு என்பது அவர் கணக்கு. அதில் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றார். எச்சரிக்கைக் கடிதம் வேறு, அது வேறு வழியில் வரும், இது அடுத்த வருடம் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதுகிற இடம், ஐந்து வாங்கியவருக்கும் இதில் ஒன்று எழுதியாக வேண்டும் என்றேன். கையெழுத்துக்கு, 'பேசினோம்' என்று மட்டும்தான் அர்த்தம், 'ஒத்துக்கொண்டேன்' என்று அர்த்தமில்லை, ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை எழுதவே கீழே தனியாக இடம் இருக்கிறது என்றும் சொன்னேன். அண்ணன் அரைமனதாகத் தலையாட்டினார்.

இவ்வளவு நேரமும் ஓரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், துவைத்த விரிப்பும் துண்டும் அடுக்கிவைக்கிற லினன் அறை அக்கா. சுங்கை பினாங் ஃப்ளாட்டிலிருந்து தினமும் எனக்கு முன்னால் வந்துவிடுவார். எங்கள் உதவி சூப்பர்வைசர் புருஷனோடு கூலிம் ஊருக்குக் குடிபோய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. அக்காவுக்கு அது வேண்டும் என்பது துவைக்கிற இயந்திரத்துக்கே தெரியும். ஆனால் அவர் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. உள்ளேயிருந்து பதவி உயர்த்த வேண்டுமென்றால் மொத்த மதிப்பெண் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதை அன்று அவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஃபாரங்கள் வந்தன. வரிசையாகப் புரட்டினேன். மூன்று, மூன்று, மூன்று. எல்லாருக்கும், எல்லாக் கட்டத்திலும் மூன்று. உதாரணம் எழுத வேண்டிய இடமெல்லாம் வெள்ளைவெளேரென்று காலி. அக்காவுடையதும் அப்படியே.

லாக்கர் அறையில் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். தலைவர் அண்ணன்தான். "நம்மள நாமே புகழ்ந்துக்குறதா? வெக்கமா இல்ல? ஒருத்தன் நாலு போட்டு இன்னொருத்தன் மூணு போட்டா அப்புறம் மூஞ்சில முழிக்க முடியுமாம்மா? நாங்க ஒத்துமையா இருந்துக்குறோம்," என்றார். ஏதோ சங்கத் தேர்தலை ஜெயித்தவர் மாதிரி பெருமையாக நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒத்துமையா இருந்து அக்கா வேலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க!" என்று கத்திவிட்டேன். இயந்திரச் சத்தத்தையும் மீறி அது எல்லாருக்கும் கேட்டது. அண்ணன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். இதை அவர் யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அக்கா ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார், அது ஏற்கெனவே மடித்த துண்டு.

மறுநாள் ஹெச்.ஆரிலிருந்து ஃபாரங்கள் திரும்பி வந்தன. உதாரணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது என்று ஒரு வரி. சரி, தன்னைப் பற்றிச் சொல்லத்தானே வெட்கம், அடுத்தவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். 'நல்லவர்', 'கெட்டிக்காரர்' எல்லாம் வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். இப்படிக் கேட்டதுதான் தாமதம், மடை திறந்த மாதிரி கொட்டினார்கள்.

அண்ணன்தான் ஆரம்பித்தார். தைப்பூசத்தன்று பாதிப் பேர் லீவு, ஹோட்டல் நிறைந்து வழிந்தது, நானும் காவடி பார்க்கப் போயிருந்தேன். துணி உலர்த்துகிற இரண்டு டிரையரில் ஒன்று நின்றுவிட்டது. அக்காதான், இருக்கிற டிரையரில் துண்டு மட்டும் போகட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். படுக்கை விரிப்புகளை ஈரத்தோடே பெரிய இஸ்திரி உருளைக்கு அனுப்பி, மாடிக்குப் போன் போட்டு எந்த அறை முதலில் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு விருந்தாளிகூடத் துண்டுக்குக் காத்திருக்கவில்லை. இது நடந்ததே எனக்குத் தெரியாது. டிரையர் ரிப்பேர் என்று ஒரு வரிதான் எனக்கு வந்திருந்தது.

இன்னும் இரண்டு மூன்று சொன்னார்கள். எல்லாம் எழுதிக்கொண்டேன். கடைசியில் மாமியாருக்கு நான்கு போட்டவள், "ஒண்ணு சொல்லலாமாக்கா? கோவிச்சுக்கக் கூடாது," என்று லினன் அறை அக்காவைப் பார்த்து இழுத்தாள். "நாங்க மடிச்சு வச்சத நீங்க திரும்பப் பிரிச்சு மடிக்கிறீங்க. எங்ககிட்ட சொன்னா நாங்களே சரியா மடிப்போம்ல?"

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "உங்களத் திட்ட வேணாம்னுதானே நானே செஞ்சேன்," என்றார். நல்லதுக்குச் செய்தது குறையாகப் போய்விட்டதே என்ற வருத்தம். எனக்குமே கஷ்டமாக இருந்தது. ஆனால் அது உண்மை. உதவி சூப்பர்வைசராகப் போகிறவர் தானே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய முடியாது. 'முன்னேற வேண்டிய இடங்கள்' கட்டத்தில் அதையே எழுதினேன், அவரிடம் வாசித்தும் காட்டினேன். என் கட்டத்தில் நான்கு போட்டேன். அவர் தன் மூன்றை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார். எல்லாரிடமும் வாக்குக் கொடுத்தாயிற்றாம்.

இரண்டு கட்டமும் ஒத்துப்போகாததால் ஹெச்.ஆர். மேனேஜர் இருவரையும் மேலே கூப்பிட்டார். ஏசி குளிரில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேனேஜர் தைப்பூசக் கதையை வாசித்துவிட்டு மலாயில் கேட்டார், நீங்கள் மூன்று என்கிறீர்கள், சூப்பர்வைசர் நான்கு என்கிறார், எது சரி?

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் கொட்டுவதற்கு எத்தனையோ இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்த நேரங்களில் அதுதான் மிகக் கொடுமையானது. ஃபெர்ரி ஒன்று போய்க்கொண்டிருந்தது, நகரவே மாட்டேன் என்றது.

"எம்பாட், புவான்," என்றார் அக்கா. நான்கு, மேடம். அதோடு நிறுத்தவில்லை. தைப்பூசத்தன்று முடிவெடுத்தது நான்தான் என்றார். மற்றவர்கள் மடித்ததைப் பிரித்து மடிப்பது என் தப்பு, இப்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் பழகுகிறேன் என்றார். கடைசியாக, யாரும் கேட்காமலே, "எனக்கு அந்த வேலை வேணும்," என்பதையும் மலாயில் சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

பேசியதற்கு அடையாளமாக மூன்று பேரும் அங்கேயே கையெழுத்துப் போட்டோம். நான்கு நிற்கும், பேரை மேலே அனுப்புகிறேன் என்றார் மேனேஜர்.

லிஃப்டில் அக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "அங்க மட்டும் எப்படிம்மா வாயை மூடிக்கிட்டு இருந்த?" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "கீழ கேப்பாங்களே. என்ன சொல்றது? எல்லாரும் மூணுன்னு பேசிட்டு நான் மட்டும்..."

கதவு திறந்தது. வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நல்லவேளை, மேனேஜர் எங்களோடு இறங்கி வரவில்லை. அண்ணன்தான் முன்னால் நின்றார்.

"எத்தன?"

அக்கா ஒரு மூச்சு இழுத்தார். அந்த இரைச்சலில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும் என்கிற மாதிரி, "நாலு," என்று சத்தமாகச் சொன்னார்.

அண்ணன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நாலுதானாக்கா? நாங்க அஞ்சு போட்டு வச்சிருந்தோம்."