கடைசி இடத்துக்கு ராக்கெட்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பட்டியலம்மா. கார்ட் எனும் குட்டி வண்டிகளின் பந்தய வீடியோ கேம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த சின்ன நிறுவனம் அது. எட்டு வண்டிகள், மூன்று சுற்று. வழியில் மிதக்கும் பெட்டியில் மோதினால் ஒரு பொருள் கிடைக்கும். யாருக்கு எது கிடைக்கும் என்ற பட்டியலை எழுதியவள் அவள்தான். முதலில் போகிறவனுக்குப் பெரும்பாலும் பின்வண்டியை வழுக்கவைக்கும் எண்ணெய்க் கறை, எப்போதாவது ஒரு கேடயம். நடுவில் இருப்பவர்களுக்கு முன்வண்டியைத் துரத்தி அடிக்கும் குண்டு. ஏழாவது, எட்டாவது ஆட்களுக்குத்தான் ராக்கெட். ஐந்து நொடி கண்ணை மூடிக்கொண்டு பறக்கலாம். பெட்டியைத் தொடும் கணத்தில் எத்தனையாவது இடமோ, அந்த இடத்துக்குரிய வரியில் குலுக்கல் நடக்கும்.

அவளுடைய அண்ணன் லாரி ஓட்டியவன். விபத்தில் இடது கை விரல்கள் மடங்கிப்போய், வேலையும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்து, வெளிவராத அந்த விளையாட்டை ஆடுவான். எதிராளிகள் ஏழு பேரும் கம்ப்யூட்டர். நாலு பந்தயத்தில் ஒன்றாவது ஜெயிப்பான். ஜெயித்த அன்று பழைய லாரிக்காரர்கள் எல்லோருக்கும் போன் போகும். "ஸ்டீயரிங் பிடிச்ச கைடா, மறக்குமா?" என்பான்.

வெளியீட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் டெஸ்டர் பெண் அவள் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, பெட்டிக்கு முன்னாடி லேசா பிரேக் போட்டா போதும். நாலு பேரு தாண்டிப் போயிடுவாங்க, நான் எட்டாவது. முதல் வண்டிக்கும் எனக்கும் ரெண்டே நொடிதான் வித்தியாசம், ஆனா ராக்கெட் வருது. அதைக் கையில வச்சுக்கிட்டு கடைசில அடிச்சா நான்தான் முதல்."

பட்டியலம்மா அன்றே தலைமை வடிவமைப்பாளரிடம் போனாள். "சார், எத்தனையாவது இடம்னு பார்க்காம, முதல் வண்டிக்கு எவ்வளவு தூரம் பின்னாடின்னு பார்த்துக் குடுக்கணும். சும்மா ரெண்டு இடம் விட்டுக்குடுத்து ஏமாத்த முடியாது."

"இடத்தை வச்சுக் குடுத்தா குழந்தைக்கும் புரியும். இப்பப் போய் எதையும் கிளறாதீங்க."

அதையே எழுதியும் அனுப்பினாள். பதில் இல்லை.

அறிமுக விழாவுக்குக் கைதேர்ந்த எட்டு ஆட்டக்காரர்களை அழைத்திருந்தார்கள். அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். பச்சை விளக்கு எரிந்தது. முதல் பெட்டி வரிசை நெருங்கியதும் எட்டு வண்டிகளும் ஊர்ந்தன. ஒன்று நின்றேவிட்டது. நீ போ, நீ போ என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டரைச் சுற்று எட்டாவதாகவே ஒட்டிக்கொண்டு வந்தவன், கடைசி வளைவில் ராக்கெட்டை விட்டு ஜெயித்தான்.

தலைமை வடிவமைப்பாளர் மைக்கை எடுத்தார். "பட்டியல் எழுதினவங்க இங்கதான் இருக்காங்க. ஏன் இப்படின்னு அவங்களே சொல்லட்டும்."

மேடை ஏறியவள் மைக்கை வாங்கினாள். "நல்லா ஓட்டத் தெரியாதவங்க, பின்தங்கிப் போனவங்க... அவங்களும் ஜெயிக்கணும்னு குடுக்கிற உதவி அது" என்றாள். சொல்லும்போது மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பாதி தூரம் போயிருப்பார்கள். அண்ணன் கேட்டான்.

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?"

"ஓட்டினது நீதானே அண்ணே."

"கடைசில கிடந்ததால குடுத்துச்சு. அப்படித்தானே?"

"எல்லாருக்கும் அதே கணக்குதான்."

"எழுதும்போது யாரை நெனச்சு எழுதின?"

பொய் சொல்லியிருக்கலாம். "உன்னையும் நெனச்சுத்தான்" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்று வாரத்தில் தூரக் கணக்கு விளையாட்டுக்குள் வந்துவிட்டது. அதைத் தன் யோசனை என்று தலைமை வடிவமைப்பாளர் பேட்டி கொடுத்தார். ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். பட்டியலம்மாவைச் சீட்டு விளையாட்டு ஒன்றின் பிரிவுக்கு மாற்றினார்கள். "அங்க உங்க தலையீடு கம்மியா இருந்தா போதும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். டெஸ்டர் பெண் மட்டும் வழியனுப்ப வந்து, "நீங்க சொன்னதுதானே அக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அண்ணனிடம் சொன்னாள், "இப்ப மாத்திட்டாங்க. ஏமாத்த முடியாது. ஆடிப் பாரேன்."

"ரொம்பப் பின்னாடி கிடக்கிறவனுக்கு?"

"முன்னைவிட அதிகமாவே கிடைக்கும்."

"எனக்கு வேண்டாம்."

இப்போதும் அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறான். டீ குடிக்கிறான், செய்தி பார்க்கிறான், வெயில் தாழ்ந்ததும் கிளம்புகிறான். யாருக்கும் போன் போடுவதில்லை. அவளும் அவனை ஆடக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.