பெயர், போன், முகவரி

எங்கள் கோயில் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம் இருக்கிறது. உள்ளே இருப்பது மாதா படமில்லை, எங்கள் பங்கில், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பட்டியல். குடும்பத் தலைவர் பெயர், போன், முகவரி என்று மூன்று பத்திகள். ஏதோ ஒரு திருவிழாவுக்கு யாரோ உபயமாக அடித்துக் கொடுத்தது. அடித்த அச்சகம் இப்போது இல்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்ததும் அதோடு போய்விட்டது. சட்டத்தை நான்கு மூலையிலும் திருகாணி போட்டுச் சுவரோடு முடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு வேலையைச் செய்தால் பிறகு யாரும் கழற்ற முடியாதபடிதான் செய்வார்கள்.

ஆபீஸைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருந்த சிஸ்டர் ஒரு நாள் பூசை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க கிளியரிங் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல இருந்தீங்களாமே? இந்தச் சுவத்துல இருக்கறதை எல்லாம் கோயில் போன்ல ஏத்தித் தரமுடியுமா? போன் அடிச்சா வெறும் நம்பர்தான் வருது. யாருன்னு கேட்டா, என்னத் தெரியலியான்னு கோவப்படுதாங்க."

யோசிக்காமல் சரி என்றேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் சரக்குப் பட்டியல் அடித்தே என் காலம் போனது. வேலையை விட்டு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கப்பலில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இறந்துபோனார். அவர் கப்பலில் இருந்த காலத்திலும் நான் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அது வருவார் என்ற தனிமை, இது வேறு. தனியாக இருப்பது பழகிப்போகும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருப்பதில்லை. ஒரு ஆளுக்கு மீன் குழம்பு வைப்பதில் உள்ள எரிச்சல் அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒருவர் என்னிடம் வேலை சொன்னதும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

சட்டத்தைப் படம் எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. எப்படி நின்றாலும் கண்ணாடியில் டியூப் லைட்டும் என் முகமும் தெரிந்தன. லைட்டை அணைத்து, ஜன்னலை ஒரு பக்கம் மட்டும் திறந்து, ஸ்டூலில் ஏறிப் பகுதி பகுதியாக எடுத்தேன். கோணலாக எடுத்தால் வரிசை கலைந்துவிடும். ஒரு பகுதியின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாக வரும்படி பார்த்துக்கொண்டேன். நடுவில் யாரும் விடுபட்டுப் போகக் கூடாது.

வீட்டுக்கு வந்து, படத்தில் இருக்கும் அட்டவணையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் செயலியில் போட்டேன். அது பிரித்துத் தந்த லட்சணத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகவரி இரண்டு வரிக்கு ஓடிய இடத்தில் எல்லாம் அது புதிதாக ஒரு ஆளையே உண்டாக்கியிருந்தது. பெயரும் இல்லை, போனும் இல்லை, மாதா கோயில் பின்புறம் என்று மட்டும் ஒரு ஆள். அந்த அரை வரிகளை மேலே இருக்கும் முகவரியோடு சேர்த்து, காலியான வரிகளை நீக்கினேன். போன் பத்தியை ஷீட்டில் ஒட்டும் முன்பே எழுத்து என்று மாற்றி வைத்தேன். இல்லாவிட்டால் பழைய லேண்ட்லைன் எண்களின் முன்னால் உள்ள பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். சாய்கோடு போட்டு இரண்டு எண் இருந்தால் இரண்டாவதற்குத் தனிப் பத்தி. ஒரே தெருக்காரர்களுக்கு முகவரிக்குப் பதில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள், மேலே உள்ளதுதான் என்று அர்த்தம். செயலி அதைப் பதினொன்று என்று படித்திருந்தது. பெயர் வரிசைக்கு அடுக்கும் முன்பு அந்த இடங்களில் எல்லாம் முழு முகவரியையும் நிரப்பினேன். அப்படியே அடுக்கியிருந்தால் பாதிப் பேர் ஒரே நிமிஷத்தில் வீடு மாறியிருப்பார்கள்.

மூன்றா எட்டா என்று சந்தேகம் வந்த எண்களைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படியும் தெளியாதவற்றை அழைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த வேலை இதுதான். சரிபார்க்க என்று தொடங்கிய பேச்சு மழை, மகன், முட்டுவலி என்று எங்கெங்கோ போனது. நன்றாகத் தெரிந்த எண்களிலும் எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது.

இன்னொன்றையும் சிஸ்டர் சொல்லியிருந்தார். பட்டியலில் இருப்பதெல்லாம் ஆண்கள் பெயர். எண்ணோ பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது, ஆண்கள் கடலிலோ கப்பலிலோ இருப்பதால். "போனை யாரு எடுக்காங்களோ அவங்க பேரைப் போடுங்க அக்கா. இறந்தவங்க பேரு வேண்டாம்" என்றார். நியாயமான பேச்சு. வீட்டுக்காரரை இழந்த ஒரு பெண்ணை அழைத்து நான் இதைச் சொன்னேன்.

"அவங்க பேரு சுவத்துல இருக்கட்டும்லா?" என்றாள்.

"சுவத்துல இருக்கும். போன்லதான் ஒம் பேரு."

"அப்பச் சரிக்கா. போட்டுக்கிடுங்க."

நன்றாகத்தான் சொன்னேன் அவளுக்கு. என் வரி வந்தபோது என்னால் முடியவில்லை. பெயர்ப் பத்தியில் அவர் பெயர், போன் பத்தியில் என் எண். அந்தக் கட்டத்தைத் தொட்டு, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்து, எடுத்துவிட்டேன். அவருடைய ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் தாள் எல்லாவற்றிலும் அவர் பெயரை நானேதான் அழிக்க வைத்தேன். ஒவ்வொரு கவுன்டராகப் போய், வரிசையில் நின்று. இதிலும் நான்தான் அழிக்க வேண்டுமா என்று கோபம் வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

போன் கேட்கும் தலைப்புகளை முதல் வரியில் கொடுத்து, தமிழ் எழுத்து கேள்விக்குறியாக மாறிவிடாத முறையில் கோப்பைச் சேமித்தேன். முதலில் நாலைந்து பேரை மட்டும் கோயில் போனில் ஏற்றிப் பார்த்தேன். சரியாக வந்ததும் மொத்தத்தையும் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும், ஒரே பெயரில் சிலர் இருக்கிறார்கள், ஒன்றாகச் சேர்க்கட்டுமா என்று கேட்டது. ஆபீஸில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அது தப்பு, சேர்த்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் சேர் என்று தட்டிவிட்டேன்.

இந்தக் கடற்கரையில் பிறந்தவள் செய்கிற காரியமா அது? இங்கே தாத்தா பெயரைப் பேரனுக்கும், ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் பெயரைப் பாதி ஊருக்கும் வைப்பார்கள். குடும்பப் பெயரும் ஒன்றுதான். பூசையில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் ஒரு பெஞ்சே திரும்பிப் பார்க்கும். மீன்பிடிக்கப் போகும் வள்ளத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லித்தான் ஆளைப் பிரிப்போம்.

கொஞ்ச நாள் கழித்து மத்தியானம் போன் அடித்தது. கோயில் நம்பர்.

எடுத்ததும் சிஸ்டரின் குரல் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, அண்ணாச்சி என்றும் சேர்த்து, "வீட்ல இருக்காங்களா?" என்று கேட்டது.

அவர் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. கேள்வி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. குளிக்கிறார், இருங்கள், கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. நான் உண்மையாகவே குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லை சிஸ்டர்" என்றேன். "நாந்தான் பேசுதேன், பட்டியல் அடிச்சுத் தந்தேன்லா."

"ஐயோ, அக்காவா? நான் வள்ளக்காரர் அண்ணாச்சின்னுலா அடிச்சேன். அவங்க மகளுக்கு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும். மாப்பிள்ளையோட ஞானஸ்நான சர்டிபிகேட் ஆலந்தலையில இருந்து இன்னும் வரல. காலைலேர்ந்து அடிக்கேன், எடுக்கவே மாட்டேங்காங்க."

காலையில் நான் மார்க்கெட்டில் இருந்தேன், போன் வீட்டில் இருந்தது. இப்போது எல்லாம் புரிந்தது. ஒரே பெயர் என்று அந்த வள்ளக்காரரையும் என் வீட்டுக்காரரையும் ஒரே ஆளாக்கி வைத்திருக்கிறேன். பெயரைத் தொட்டால் முதலில் போவது என் எண். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தால்தான் கல்யாணம். இந்த ஞாயிறு தவறினால் தவக்காலம் குறுக்கே வந்துவிடும், தவக்காலத்தில் இங்கே யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். வள்ளக்காரர் முற்றத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வலையைக் கீழே போட்டார்.

"நமக்கு வார போனு எல்லாம் அங்கன வருதாக்கும்? கடங்காரன் போனையும் அங்கனயே திருப்பி விட்டுருங்க அக்கா" என்று சிரித்துக்கொண்டே சட்டையைத் தேடினார். அன்றைக்கே திருச்செந்தூர் பஸ் ஏறி, ஆலந்தலைக்குப் போய் சர்டிபிகேட்டை வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு ஓலை வாசித்தார்கள்.

நான் மறுநாள் கோயில் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். ஒரே தடவையில் ஏற்றியவர்களைப் போன் தனித் தொகுப்பாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மொத்தத்தையும் நீக்கிவிட்டு, ஷீட்டுக்குத் திரும்பி, ஒரே பெயர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் பெயரோடு வள்ளத்தின் பெயரோ தெருவோ சேர்த்தேன். கடைசியில் மிச்சம் இருந்தது என் வரி. அந்தப் பெயர் அப்படியே இருந்தால் இன்னும் யாராவது அவரைக் கேட்டுக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் பெயரை அழித்து, என் பெயரை அடித்தேன். முழுப் பெயர், ஞானஸ்நானத்தில் வைத்தது. மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை போன் சேர்க்கட்டுமா என்று எதையும் கேட்கவில்லை.

"ஒரு தடவை அடிச்சுப் பாருங்க அக்கா, பேரு வருதான்னு" என்றார் சிஸ்டர். நான் கதவோரம் போய் என் போனிலிருந்து அழைத்தேன். அப்போது பூசைக்கு மெழுகுவர்த்தி எடுக்க வந்த கோயில்பிள்ளை மேசையில் அடித்த போனைக் கையில் எடுத்தார். எங்கள் கல்யாணத்துக்கு மணி அடித்தவர், என் வீட்டுக்காரர் பெட்டிக்கு முன்னால் சிலுவை பிடித்து நடந்தவர். கண்ணாடியை மேலே தள்ளி, என் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தார்.

"இது யாரு சிஸ்டர்?" என்றார். "நம்ம பங்குல இப்படி ஒரு ஆளு கிடையாதே."