உச்சந்தலைகளுக்குச் சொன்ன பிரசங்கம்

“பிள்ளை, இண்டைக்கு நான் ஆருக்குப் பிரசங்கம் வைச்சனான்?” என்று கேட்டார் இன்னாசித்தம்பி உபதேசியார்.

சனத்துக்குத்தான் என்றாள் புனிதம்.

“சனம் எங்கை இருந்தது? நான் கண்டதெல்லாம் உச்சந்தலை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. அடுத்த வெள்ளியும் இப்படியென்றால், முல்லைத்தீவிலிருந்து வேறொரு உபதேசியாரை அனுப்பும்படி கோயில் மூப்பர் பங்குச் சுவாமியைக் கேட்கப்போகிறாராம் என்றார். புனிதம் கண்ணாடிப் படங்களைத் துணியில் சுற்றினாள்.

அளம்பிலுக்கு அப்பாலிருந்த அந்தக் கரையோரக் கோயிலுக்குச் சுவாமி மாதம் ஒருமுறைதான் வருவார். தவக்கால வெள்ளிகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் உபதேசியாரே பேசுவார். மனைவி இறந்து எட்டு வருடம். ஒரு சட்டியில் கறி, ஒரு பாய். கிழமையில் அவர் வாய் திறந்து பேசும் நாள் அது ஒன்றுதான்.

அந்த வருடம் சுவாமி, கண்ணாடியில் வரைந்ததைத் திரையில் காட்டும் ஒரு படவிளக்கு கொடுத்தனுப்பியிருந்தார். தமிழும் ஆங்கிலமும் படித்த ஆசிரியை என்று வேலை புனிதத்திடம் வந்தது. அவளும் குறைவைக்கவில்லை. கண்ணாடியில் யேசுவின் சீடரான மீனவர் இராயப்பரின் வலையை மிதப்புக்கட்டை முதற்கொண்டு வரைந்து, கீழே ஏழு வரி எழுதினாள். பிரசங்கம் முழுவதையும் மெழுகுத்தாளில் வெட்டி, மூன்று பக்கமாக மையுருளையில் உருட்டிப் பிரதி எடுத்து, வந்தவர்களுக்கு வாசலிலேயே கொடுத்தாள்.

விளைந்தது இதுதான். எழுத்துத் தெரிந்தவர்கள் தாளில் குனிந்து தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். மரியநேசன் என்ற பையன் திரையிலிருந்த வரிகளை உரக்க எழுத்துக்கூட்டினான். பின்வாங்கில் அது கரைவலையா வீச்சுவலையா என்று வாக்குவாதம். இரவெல்லாம் ஒரு மீனும் படாமல் கரைக்கு வந்த இராயப்பரைப் பற்றி உபதேசியார் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை புனிதம் கண்ணாடியைக் கழுவினாள். நாலு கோட்டில் ஒரு வெறும் தோணி வரைந்தாள். எழுத்து இல்லை. தாளில் பெரிய எழுத்தில் மூன்றே வரி, கீழே வெறும் இடம். அதையும் முடிந்தபிறகு, போகும்போது கொடுப்பதென்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தை இருட்டாக்க யன்னல்களுக்குச் சாக்குக் கட்டினார்கள். அவர் தோணி என்று சொன்னபோது தோணி தெரிந்தது. சற்று நேரம் விட்டுப் புனிதம் படவிளக்கின் வில்லையை மூடினாள். படத்தை மட்டும் எடுத்து வெறும் வெளிச்சம் விழுந்தால், சனத்தின் கண் வெள்ளைத்துணியிலேயே நிற்கும். இருட்டில் அவர் குரல் மட்டும் நடந்தது. மரியநேசன் கூட அசையவில்லை. மூப்பர் வேறு ஆளைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை.

சனம் தாளை மடித்துக்கொண்டு கதைத்தபடி போயிற்று. அவரோடு நின்று கதைக்க ஒருவரும் இல்லை. படவிளக்கின் சூடு ஆறும்வரை அவர் வாங்கில் இருந்தார். பிறகு புனிதத்திடம் கேட்டார்:

“எல்லாரும் நிமிந்துதான் இருந்தவை, தெரியும். ஆனா இருட்டுக்குள்ளை எனக்கு ஒரு முகமும் தெரியேல்லை. படத்தை மூடினாப்பிறகு, அரிக்கன் விளக்கைத் தணிச்சு வைச்சுக்கொண்டு முன்வாங்கிலை வந்து இருங்கோ பிள்ளை. ஒரு முகம் தெரிஞ்சாப் போதும்.”