மச்சாளுக்குத் தனியாக அனுப்பிய செய்தி

குசினிக்குள் மறந்துவிட்டுப்போன கைத்தொலைபேசி விடாமல் கிணுங்கியது. வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாத றஜனி ஓடிப்போய் எடுத்தாள். அறுபது பேர் உள்ள குடும்பக் குழுவில் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் பதினாறு வருடமாக வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பவள் றஜனி. நேற்றுக் காலை, கணவனின் தமக்கை தங்கராணி குழுவில் ஒரு குரல்பதிவு போட்டிருந்தாள். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசைகளை டென்மார்க்கில் தடைசெய்துவிட்டார்களாம். உடனே நிறுத்திப் பச்சை உள்ளிப்பூண்டு தின்ன வேண்டுமாம். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற அடையாளம் மேலே இருந்தது. குளிசையின் பெயரில்லை, திகதியில்லை, பேசுவது யாரென்றுமில்லை.

தங்கராணியின் கணவர் இராசநாயகம் அந்தக் குளிசையில்தான் வாழ்கிறார். இதயம் தாறுமாறாக அடிக்கும் நோய். நிறுத்தினால் மூளையில் இரத்தக்கட்டி அடைக்கலாம். சந்தையிலிருந்து மீளப்பெற்ற மருந்துகளின் அரசாங்கப் பட்டியலை றஜனி பார்த்தாள். மருந்துக்கடைக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். தடை எதுவுமில்லை.

பலர் முன்னால் திருத்தினால் மூத்தவளின் முகம் சுருங்குமே என்று, அன்றிரவே தனியாக எழுதினாள்:

"மச்சாள், எல்லாரிலும் அக்கறையிலைதான் போட்டிருக்கிறியள். எனக்கும் முதல் பயமாய்ப் போச்சு. மருந்துக்கடையிலை கேட்டன், அப்பிடித் தடை ஒண்டும் இல்லையாம். பட்டியலின்ரை இணைப்பை அனுப்புறன், நீங்களும் பாருங்கோ. விரும்பினால் 'விசாரிச்சனான், அது பிழையாம், குளிசையை நிப்பாட்டாதேங்கோ' எண்டு நீங்களே குழுவிலை போடுங்கோ. இராசநாயகம் அண்ணை குளிசை போடுறார்தானே?"

அந்தச் செய்தியைத்தான் தங்கராணி படம்பிடித்துக் குழுவில் போட்டிருந்தாள். கூடவே ஒரு வரி: "கிழவியளைக் குளிப்பாட்டிறவ எனக்கு வைத்தியம் படிப்பிக்கிறா."

அழுகையை அடக்குவதற்குள் வாசல்மணி அலறியது. தங்கராணியேதான்.

"என்னடி, பெரிய டொக்டரோ நீ? ஊர் முழுக்க என்னை மொக்கியாக்கிப்போட்டாய்!"

"உங்களுக்கு மட்டும்தானே எழுதினனான், மச்சாள்? ஊருக்குக் காட்டினது நீங்கள்."

"வாய் நீளுது! உன்னை இந்தக் குடும்பத்துக்குள்ளை எடுத்தது நாங்கள்."

"திட்டுங்கோ. அண்ணை குளிசை போட்டவரோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

தங்கராணி முகத்தைத் திருப்பி, கையிலிருந்த கார்த் திறப்பை உருட்டினாள்.

"எப்பயிலையிருந்து நிப்பாட்டினவர்?"

"நேற்றுக் காலமையிலையிருந்து…" குரல் உடைந்தது. உடனே சீறினாள். "எல்லாம் உன்ரை கண்ணூறு!"

"கண்ணூறெண்டே இருக்கட்டும். வாய் கோணுதோ, கை கால் விறைக்குதோ?"

"இல்லை. நல்லாத்தான் இருக்கிறார்."

"அப்ப இப்பவே டொக்டருக்கு எடுங்கோ. விட்டதையும் சேர்த்து ரெண்டாய்க் குடுக்காதேங்கோ. வாய் கோணினால் நூற்றுப்பன்னிரண்டுக்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ."

தங்கராணி றஜனியை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். பிறகு நடையில் நின்றபடியே டொக்டரின் இலக்கத்தை அழுத்தினாள். நாலு வார்த்தை டேனிஷில் கேட்டாள், தலையாட்டினாள், வைத்தாள்.

"வழமையான குளிசையை இப்பவே குடுக்கட்டாம்."

"ஓம் மச்சாள். குழுவிலையும் ஒருக்கால் எழுதிவிடுங்கோ. வேறை ஆரும் நிப்பாட்டியிருப்பினம்."

"எனக்குத் தெரியும். நானே விசாரிச்சதெண்டுதான் எழுதுவன். உன்ரை பேர் வராது."

"வரவேண்டாம்."

"உன்ரை வாசல்படி இனி மிதிக்கமாட்டன்."

கார்த் திறப்பை இறுகப் பிடித்துக்கொண்டு தங்கராணி மழைக்குள் ஓடினாள். றஜனி கதவைச் சாத்தினாள்.