பன்னிரண்டு தவணை

பழரசக் கம்பெனியில் அவரை எல்லோரும் லேபிள்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மெஷினோடு ஒன்பது வருஷமாக மல்லுக்கட்டுகிற மனுஷர். கடன் கேட்பதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. ஆனால் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனுக்கு நாற்பத்தெட்டாயிரம் கட்டினால்தான் தேதி கொடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மானம் பார்த்தால் ஆகுமா?

கம்பெனிக்குக் கொடுத்த கடன் மனுவில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். தொகை, காரணம், சம்பளத்தில் மாதம் நாலாயிரம் பிடித்துக்கொள்ளலாம், ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டையும் பின்னால் குத்தியிருந்தார்.

சம்பளக் கணக்குப் பார்க்கும் கணக்கர் அதை இரண்டு தரம் படித்தார்.

"மூணு தவணைதான் போட முடியும். பன்னிரண்டாயிரம் தரலாம்."

"சார், போன வருஷம் லாரி டிரைவருக்குப் பத்து மாசம் போட்டீங்களே?"

"அவர் நிரந்தரம். நீங்க ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிய இன்னும் மூணு மாசம்தான், அதுக்குள்ள கடன் அடையணும்."

"ஒப்பந்தமா? வருஷா வருஷம் நீங்கதானே புதுப்பிக்கிறீங்க. போன தடவை மகளோட ஃபீஸுக்கு வாங்கினப்பவும் அதைத் தாண்டித்தானே பிடிச்சீங்க."

கணக்கர் பேனாவை மூடினார், திறந்தார். பாவம், பொய் சொல்லத் தெரியாத ஆள். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாளாவது லேபிள்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"புது மெஷின் வருது அண்ணே. ஆள் இல்லாம தானே ஒட்டிக்கும். நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க."

 கடன் கேட்கப் போய் வேலை போன சேதியை வாங்கிக்கொண்டு வருகிறவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று லேபிள்காரர் நினைத்தார். கோபப்படவும் தெம்பில்லை. பன்னிரண்டாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மாதம் நாலாயிரமாகக் கழித்துக்கொண்டு, கடைசி மாதத்தோடு அவரையும் கழித்துவிடுவார்கள்.

வீட்டில் மனைவி அடிவயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவுங்க குடுத்தாங்க?"

"பன்னிரண்டு."

"மீதி?"

"இப்போதைக்கு அவ்வளவுதானாம்."

அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அவரைத் தேற்ற வேண்டுமே என்று சிரித்தாள்.

"சரி விடுங்க. மூஞ்சியை ஏன் தொங்கப் போடறீங்க? நான் மாத்திரையைப் போட்டுக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடுவேன். மாசாமாசம் கொஞ்சம் சேர்த்து அடுத்த வருஷம் பண்ணிக்கலாம். வேலைதான் கையில இருக்கே."

லேபிள்காரர், "ஆமா" என்றார்.