செங்கல் சுவரோரம் போகிறவள்

பல்கீசுக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெனர், கார்ட் அச்சடிக்கும் கடையொன்றில் வேலை. கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கலியாணக் கார்ட்டும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கையால் போடுகிறவள். பிறந்தநாள் பெனரில் பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொன்னால் அதையும் செய்வாள், பிறகு தனக்குள் திட்டிக்கொள்வாள்.

படகு இயந்திரம் திருத்துகிற யோசேப், பட்டறைச் சுவருக்கு ஒரு படம் வேண்டுமென்று வந்தார். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற சுவர் அது. போகிறவன் வருகிறவன் எல்லாம் நோட்டீஸ் ஒட்டி, வெற்றிலை துப்பி நாசமாக்கியிருந்தார்கள். ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் மேர்வின், மாதிரிப் படம் தந்தால் பார்த்துக் கீறுவதாகச் சொல்லியிருந்தான்.

இப்போதெல்லாம் மாதிரி என்றால் பல்கீஸ் கணினியிடம்தான் கேட்பாள். வேண்டியதை எழுதினால் ஏஐ படமாக்கித் தரும். செங்கல் சுவரில் ஒரு பெரிய திருக்கை மீன் என்று எழுதினாள். வந்தது ஸ்டிக்கர் ஒட்டினதுபோல வழவழவென்று இருந்தது. நிறத்துக்கு அடியில் செங்கல் இடுக்குகள் தெரியவேண்டும், ஓரங்களில் பெயின்ட் புகைபோலப் படிந்திருக்கவேண்டும், இரண்டொரு இடத்தில் வழிந்திருக்கவேண்டும் என்று சேர்த்தாள். சுவர் உயிர் பெற்றது. கடைசியாக, வீதியால் போகிறவர் பார்க்கிற மாதிரி என்றும் எழுதினாள். கணினியோ வீதியால் போகிற ஒருத்தியையே படத்துக்குள் கொண்டுவந்து விட்டது. முதுகு காட்டியபடி, சேலையில், கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறாள். மீன் நன்றாகத்தானே வந்திருக்கிறது, இவள் இருந்தால் என்ன என்று பல்கீஸ் அதை அப்படியே யோசேப்பின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார். கண் மட்டும் சிவந்திருந்தது.

“தங்கச்சி, இந்தச் சுவர் எங்க இருக்கு?”

“உங்கட சுவருக்குத்தானே அண்ணன் போட்டது.”

“அது தெரியும். இந்தப் படத்தில இருக்கிற சுவர். லிங்கநகர் முழுக்கச் சுத்திப்போட்டன். பாலையூற்றுக்கும் போனனான். ஒரு இடத்திலயும் இல்லை.”

பல்கீசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லாத சுவரை இந்த மனுசன் ஏன் வெயிலில் தேடுகிறார்? அவர் போனை நீட்டி, அந்தப் பெண்ணின் முதுகில் விரலை வைத்தார்.

“இது மரியம்மா. என்ர மனுசி. குவைத்துக்கு வேலைக்குப் போய்ப் பதினொரு வருசம். முதல் போனில கதைச்சவ, பிறகு கதையே இல்லை. அந்த வீட்டை விட்டுப் போயிட்டா எண்டு மட்டும் ஏஜென்சியில சொன்னவங்கள். பையை இப்பிடித்தான் இடுக்குவா. ஊருக்கு வந்திட்டு எனக்குச் சொல்லாமல் இருக்கிறா.”

பல்கீஸ் கணினியில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினாள். இது போட்டோ இல்லை, கணினி தானாக உண்டாக்கியது என்றாள். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. முகம் தெரியாத ஆளை அது எப்படிக் கீறும் என்று கேட்டார். சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று அதே சொற்களைத் திரும்பவும் கொடுத்தாள். வேறொரு மீன், வேறொரு சுவர், சைக்கிளில் ஒரு ஆண். இன்னொருமுறை கொடுத்தாள். வீதியில் ஆளே இல்லை. யோசேப் திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்ப நேற்று மட்டும் ஏன் அவ வந்தவ?”

ஏன் வந்தாள் என்று பல்கீசுக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது.

“அந்தப் பழைய படத்தைப் போட்டு, அவவைத் திரும்பிப் பாக்கச் சொல்லுங்கோ.”

ஏலாது என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வரவில்லை, பாவி மனம். படத்தை ஏற்றி, இந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள் என்று எழுதினாள். சற்றுப் பொறுத்து ஒரு முகம் வந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். கன்னம் ஒட்டி, இலேசாகச் சிரித்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் பார்த்தது.

யோசேப் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மரியம்மா வெளிநாடு போகும்போது எடுத்த பாஸ்போட் படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதில் இருந்தவளோ சதைப்பிடிப்பான முகத்தோடு சிரிக்காமல் இருந்தாள். அவர் இரண்டையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். இது அவள் இல்லை என்று அவரே சொல்லிவிட்டு எழும்பிப் போகமாட்டாரா என்று பல்கீஸ் காத்திருந்தாள்.

கடைசியில் வாழ்க்கையில் முதன்முறையாக அவளே ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னாள்.

“அண்ணன், இது அவங்க இல்ல. இது ஆருமே இல்ல.”

யோசேப் படத்தைப் பிடித்தபடியே அவள் பக்கம் திரும்பினார்.

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி? எனக்கே தெரியேல்லையே.”